ஒரே ரீல், இரண்டு பெயர்கள்: பார்ட்னர்ஷிப் விளம்பரத்தை நான்கு வாரம் சோதித்த கதை

மடிக்கணினியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைக்கும் மடக்குத் தாங்கி ஒன்றை நாங்கள் விற்கிறோம். நேரடிக் கடை இல்லை, எல்லாம் இணையத்தில்தான். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இன்ஸ்டாகிராம் விளம்பரம் வழியாக வருகிறார்கள். அந்த விளம்பரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

மேசை அமைப்பு, கழுத்துவலி, உட்காரும் முறை பற்றி மட்டுமே வீடியோ போடும் கிரியேட்டர் ஒருவருடன் ஒப்பந்தம் போட்டோம். அவர் எங்கள் தாங்கியை வைத்து ஒரு ரீல் எடுத்தார். அதை அவருடைய கணக்கிலிருந்தே விளம்பரமாக ஓட்டினோம். மெட்டா இதை இப்போது பார்ட்னர்ஷிப் விளம்பரம் என்கிறது. 2019-இல் இன்ஸ்டாகிராமில் வேறு பெயரில் வந்தது, 2023-இல் இந்தப் பெயருக்கு மாறியது. விளம்பரத்தின் தலைப்பகுதியில் கிரியேட்டரின் பெயரும் பிராண்டின் பெயரும் சேர்ந்து வரும். பணம் கட்டுவதும் யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்வதும் பிராண்டின் விளம்பரக் கணக்கு. பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது கிரியேட்டரின் முகமும் பெயரும்.

முதல் முயற்சியில் நான் செய்தது தப்பு. ஸ்டுடியோவில் எடுத்த எங்கள் பழைய விளம்பரத்தையும் அவருடைய ரீலையும் ஒரே ஆட் செட்டில், அதாவது ஒரே பட்ஜெட்டையும் ஒரே பார்வையாளரையும் பகிர்ந்துகொள்ளும் விளம்பரத் தொகுப்பில் போட்டேன். இரண்டே நாளில் பட்ஜெட்டின் பெரும்பகுதி ரீல் பக்கம் போய்விட்டது, விற்பனையும் அதற்கே அதிகம். கிரியேட்டரின் பெயரில் ஓடுவது ஜெயித்துவிட்டது என்று அலுவலகத்தில் சொல்லியும் விட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான், எது ஜெயித்தது என்றே எனக்குத் தெரியவில்லை என்பது புரிந்தது. வீடியோ வேறு, பெயர் வேறு, கீழே இருக்கும் கமென்ட்கள் வேறு, செலவான தொகை வேறு. ஒரே ஆட் செட்டுக்குள் இருக்கும் விளம்பரங்களுக்கு மெட்டாவின் கருவி பட்ஜெட்டைச் சமமாகப் பிரிப்பதில்லை. தொடக்கத்தில் கொஞ்சம் முந்துவதற்கே அள்ளிக் கொடுக்கும். அது விற்பனைக்கு நல்லதுதான், ஆனால் சோதனை ஆகாது.

கிரியேட்டரின் பெயரில் ஓட்டுவதால் பலன் உண்டா என்ற கேள்விக்கு ஒரு காரணமும் இருந்தது. ரீலை எடுத்துத் தருவதற்கு ஒரு தொகை, அவருடைய பெயரில் விளம்பரம் ஓட்டும் உரிமைக்கு இரண்டு மாதத்துக்குத் தனியாக இன்னொரு தொகை என்று ஒப்பந்தம் இருந்தது. அதே ரீலை எங்கள் பெயரில் ஓட்டினாலே போதும் என்றால் இரண்டாவது தொகை வீண். ஆகவே வீடியோவை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றிப் பார்க்க முடிவு செய்தேன்.

சோதனையை மூன்று பிரிவாக அமைத்தேன். முதல் பிரிவில் அதே ரீல் எங்கள் பிராண்டின் பெயரில் மட்டும் ஓடும். இரண்டாவதில் இரண்டு பெயரும் இருக்கும், ஆனால் புதிதாக உருவாக்கிய விளம்பரம். அவருடைய பக்கத்தில் அது தெரியாது, லைக்கும் கமென்ட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மூன்றாவதில் அவர் தன் பக்கத்தில் ஏற்கெனவே போட்ட பதிவையே, சேர்ந்திருக்கும் கமென்ட்களோடு விளம்பரமாக்குவது. நடுப் பிரிவை வைத்ததற்குக் காரணம், பெயர் தரும் பலனையும் கமென்ட்கள் தரும் பலனையும் பிரித்துப் பார்க்க வேறு வழி இல்லை என்பதுதான்.

அனுமதி வாங்குவதில் இரண்டு வழி உண்டு, இரண்டுமே தேவைப்பட்டன. மூன்றாவது பிரிவுக்கு அந்தப் பதிவுக்கு மட்டுமான குறியீடு போதும். கிரியேட்டர் தன் பதிவின் மூன்று புள்ளியைத் தட்டி Partnership label and ads என்பதற்குள் போய் Get partnership ad code என்பதை இயக்கினால் ஒரு குறியீடு வரும். அதை நமக்கு அனுப்புவார். நாம் மெட்டாவின் விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜரில் விளம்பர நிலையில் Partnership ad என்பதை இயக்கி அதை ஒட்டினால் அந்தப் பதிவு வந்து நிற்கும். இரண்டாவது பிரிவுக்குக் கணக்கு அளவிலான அனுமதி வேண்டும். அதாவது அவர் போடாத விளம்பரத்தைக்கூட அவர் பெயரில் நாம் உருவாக்கலாம். இது பெரிய அனுமதி. அதைக் கேட்டபோது அவர் உடனே சொன்னது: "என் பேர்ல என்ன போகுதுன்னு எனக்கு முன்னாடியே காட்டணும். நான் சரின்னு சொல்லாம ஒண்ணும் ஓடக் கூடாது." அதை அப்படியே ஒப்பந்தத்தில் எழுதினோம். யாராக இருந்தாலும் இந்த வரி இல்லாமல் அந்த அனுமதியைத் தரவும் கூடாது, வாங்கவும் கூடாது என்பது என் கருத்து. ஒருவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த நம்பிக்கையின் மேல் நாம் பட்ஜெட் போடுகிறோம்.

குறியீட்டை ஒட்டியதும் முதல் தடை. பதிவு வந்தது, ஆனால் விளம்பரமாக்கத் தகுதியில்லை என்று காட்டியது. காரணம் பாட்டு. பின்னணியில் இன்ஸ்டாகிராம் நூலகத்திலிருந்து ஒரு பிரபலப் பாடலைச் சேர்த்திருந்தார். சாதாரணப் பதிவுக்கு அந்த உரிமை செல்லும், விளம்பரத்துக்குச் செல்லாது. வேறு வழியில்லாமல் அவர் தன் குரலை மட்டும் வைத்து ரீலை மறுபடி போட்டார். முதல் பதிவில் நான்கு நாளில் சேர்ந்திருந்த நல்ல கேள்விகளும் பதில்களும் அதோடு போயின. இப்போது எழுதித் தரும் குறிப்பில் முதல் வரியே, சொந்தக் குரல் அல்லது விளம்பர உரிமை உள்ள இசை மட்டும் என்பதுதான். புதிய பதிவை ஐந்து நாள் சும்மா விட்டோம், கமென்ட்கள் மறுபடி சேரட்டும் என்று.

அடுத்து அளவு. ஒரு ஆட் செட் நிதானத்துக்கு வர வாரத்துக்குச் சுமார் 50 விற்பனை வேண்டும் என்று மெட்டா சொல்கிறது. மூன்று பிரிவு என்றால் வாரத்துக்கு 150. எங்கள் பட்ஜெட் கிட்டத்தட்ட அதைத்தான் தாங்கும், அதனால் நான்காவது பிரிவு ஒன்றை ஆசைப்பட்டும் சேர்க்கவில்லை. ஆட்ஸ் மேனேஜரில் இருக்கும் ஏ/பி சோதனைக் கருவியில் மூன்றையும் தனித்தனி ஆட் செட்டாக, சம பட்ஜெட்டில், ஒரே பார்வையாளர் அமைப்பில் வைத்தேன். கருவி ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கும். ஒருவர் ஒரு பிரிவில்தான் விழுவார். இது இங்கே ரொம்ப முக்கியம். கிரியேட்டரைப் பின்தொடர்கிறவர்கள் விளம்பரம் இல்லாமலே வாங்கியிருக்கலாம். குலுக்கலில் அவர்கள் மூன்று பிரிவுக்கும் ஏறக்குறைய சமமாகப் போய்விடுவதால், அவர்களுடைய விற்பனை ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகமாகக் கூடாது. எங்கள் தளத்துக்கு ஏற்கெனவே வந்துபோனவர்களை மூன்றிலிருந்தும் விலக்கினேன். அவர்களுக்குத் தனிச் சோதனை வைத்திருந்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வாரம் முடிந்தபோது திரும்பவும் தடுமாறப் பார்த்தேன். Clicks (all) என்ற பத்தியில் மூன்றாவது பிரிவு 1,240, பிராண்ட் பிரிவு 700. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதற்குப் பக்கத்திலேயே Landing page views என்ற பத்தியைச் சேர்த்துப் பார்த்தேன். மூன்றாவது பிரிவு 352, பிராண்ட் பிரிவு 398. அதாவது எங்கள் பக்கத்துக்கு வந்தவர்கள் பிராண்ட் பிரிவில்தான் அதிகம். மீதி க்ளிக் எல்லாம் எங்கே போயின? பெயரைத் தட்டினால் கிரியேட்டரின் பக்கத்துக்குப் போகும், அதுவும் ஒரு க்ளிக்தான். கமென்ட்டைத் திறந்தாலும் அந்தக் கணக்கில் சேரும். கிரியேட்டரின் பெயரில் ஓடும் விளம்பரத்தில் இந்தத் தொகை இயல்பாகவே வீங்கும். க்ளிக் விகிதத்தை மட்டும் காட்டி யாராவது பார்ட்னர்ஷிப் விளம்பரத்தைப் புகழ்ந்தால், எந்தப் பத்தி என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் விற்பனை எண்ணிக்கையைத் தவிர மற்றதைப் பார்ப்பதை அன்றோடு நிறுத்தினேன்.

வந்தவர்கள் குறைவாக இருந்தும் விற்பனை மூன்றாவது பிரிவில்தான் அதிகமாக இருந்தது. பக்கத்துக்கு வரும் முன்பே பாதி முடிவு எடுத்தவர்கள் வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. எங்கே அந்த முடிவை எடுக்கிறார்கள் என்று பார்க்கக் கமென்ட்களைப் படித்தேன். மேலே இருந்தது ஒரு கேள்வி: 16 அங்குல மடிக்கணினியை வைத்துத் தட்டச்சு செய்தால் ஆடுமா? கிரியேட்டர் பொதுவாகப் பதில் சொல்லவில்லை. தன்னுடைய கணினியின் எடையைச் சொல்லி, மேல்படியில் வைத்தால் லேசாக ஆடும், இரண்டாம் படியில் ஆடாது, தனி விசைப்பலகை வைத்தால் எந்தப் படியிலும் கவலையில்லை என்று எழுதியிருந்தார். எங்கள் தயாரிப்புப் பக்கத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஆடும் என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் எழுத யாருக்கும் மனம் வந்திருக்காது. ஆனால் வாங்கத் தயங்குகிறவருக்கு அந்த ஒப்புதல்தான் தேவைப்பட்டது.

இதே கமென்ட் பகுதி ஒன்பதாம் நாள் எங்களைச் சோதித்தது. ஏற்கெனவே வாங்கிய ஒருவர், மூன்று மாதத்தில் கீல் தளர்ந்துவிட்டது என்று எழுதினார். பலர் லைக் போட, அது மேலே ஏறிவிட்டது. அடுத்த இரண்டு நாளும் மூன்றாவது பிரிவின் விற்பனை கண்ணுக்குத் தெரிய இறங்கியது, மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. இதில் ஒரு சிக்கல் உண்டு. பதிவு அவருடையது. கமென்ட்டை மறைப்பதும் மேலே பொருத்தி வைப்பதும் அவர் கையில். அவசரத்தில் மறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை, அவரும் செய்திருக்க மாட்டார். கீலில் இருக்கும் திருகைச் சிறிய ஆலன் சாவியால் கால் சுற்று இறுக்கினால் சரியாகிவிடும், சாவி பெட்டியின் அடித்தட்டில்தான் இருக்கிறது. அவர் அதைச் செய்து பார்த்துவிட்டு, தன் தாங்கியிலும் லேசாகத் தளர்ந்திருந்தது, இப்படி இறுக்கினேன் என்று பதில் எழுதி அதைப் பொருத்தி வைத்தார். கீல் தளர்ந்தவருக்கு நாங்கள் புதிய கீல் அனுப்பினோம். அடுத்த நாளே விற்பனை பழைய நிலைக்கு வந்துவிட்டது. யார், எத்தனை மணி நேரத்துக்குள் கமென்ட்டுக்குப் பதில் சொல்வது என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டிருந்தோம். விளம்பரம் ஓடும்போது அவருக்கு வரும் கமென்ட் அறிவிப்புகள் பல மடங்காகும், அது அவருக்கு உண்மையான வேலை. அதற்கும் சேர்த்துத்தான் தொகை பேச வேண்டும்.

நான்கு வாரம் முடிந்தது. செலவு மூன்றுக்கும் சமம். பிராண்ட் பெயரில் ஓடியதற்கு 168 விற்பனை. இரண்டு பெயரோடு புதிதாக உருவாக்கியதற்கு 186. அவருடைய பதிவையே விளம்பரமாக்கியதற்கு 213.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. செலவும் பார்வையாளர் எண்ணிக்கையும் ஏறக்குறைய சமமாக இருந்தால், இரண்டு பிரிவின் விற்பனையைக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்க வேண்டும். வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் தற்செயல் இல்லை என்று எடுத்துக்கொள்வேன். 168-ம் 213-ம் சேர்ந்து 381, வர்க்கமூலம் சுமார் 19.5, இரண்டு மடங்கு 39. வித்தியாசம் 45. தேறுகிறது. 168-க்கும் 186-க்கும் அதே கணக்கைப் போட்டால் வரம்பு சுமார் 38, வித்தியாசமோ 18 மட்டும். தேறவில்லை. அதாவது பெயரைச் சேர்த்தாலே போதும் என்று என் சோதனையை வைத்துச் சொல்ல முடியாது. உண்மையான பதிவு, அதன் கீழே உண்மையான உரையாடல், அதோடு பெயர் மூன்றும் சேர்ந்தபோதுதான் தெளிவான லாபம் தெரிந்தது. முதல் வாரத்திலேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கணக்கில் எதுவுமே தேறியிருக்காது.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொண்டேன். மெட்டா வழக்கமாக, க்ளிக் செய்து ஏழு நாளுக்குள் வாங்கினாலும், க்ளிக் செய்யாமல் பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலும் விளம்பரத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளும். கிரியேட்டரின் முகத்தைப் பார்த்த பிறகு வேறு வழியாக வந்து வாங்கியவர்கள் இதில் அதிகமாக இருக்கலாம். க்ளிக்கை மட்டும் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். இடைவெளி சுருங்கியது, மறையவில்லை. பெயரைத் தட்டி அவர் பக்கத்துக்குப் போய், பிறகு தேடி வந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால், க்ளிக் கணக்கு மட்டும் இந்த வகை விளம்பரத்துக்குக் கொஞ்சம் அநியாயம் செய்யும் என்றே நினைக்கிறேன்.

இனிப் பணம். பிராண்ட் பெயரில் ஓடியபோது ஒரு விற்பனைக்கான விளம்பரச் செலவை 100 என்று வைத்துக்கொண்டால், அவருடைய பதிவில் அது 79. ஒவ்வொரு விற்பனைக்கும் 21 மிச்சம். அவருடைய பெயரில் ஓட்டும் உரிமைக்கு இரண்டு மாதத்துக்கு நாங்கள் கொடுத்தது இதே அளவுகோலில் 2,500. 2,500-ஐ 21-ஆல் வகுத்தால் 119. அதாவது உரிமைக் காலத்துக்குள் அந்த விளம்பரம் 119 விற்பனையைத் தாண்டினால்தான் பெயருக்குக் கொடுத்த பணம் திரும்புகிறது. எங்களுக்கு நான்கு வாரத்தில் 213. மிச்சம் 4,473, உரிமைத் தொகையைக் கழித்தால் 1,973. லாபம்தான். ஆனால் மாதம் நாற்பது, ஐம்பது விற்பனைக்கு மட்டும் பட்ஜெட் இருக்கும் ஒருவருக்கு இதே 21 சதவீத மலிவு கிடைத்தாலும் இரண்டு மாதத்தில் நஷ்டம்தான் வரும். அவர் ரீலை வாங்கி, தன் பெயரில் ஓட்டுவதே நல்லது. ரீலை எடுத்துத் தந்த தொகையை இதில் நான் சேர்க்கவில்லை, ஏனென்றால் அதே ரீல் இரண்டு பக்கமும் ஓடியது. ஸ்டுடியோ விளம்பரத்தோடு ஒப்பிடுவதாக இருந்தால் அதையும் சேர்த்தாக வேண்டும்.

தனியாக வைத்த சோதனை என்று சொன்னேனே, அதில் முடிவு தலைகீழ். கடந்த 14 நாளில் எங்கள் தயாரிப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு, ஒரு பக்கம் அதே கிரியேட்டர் பதிவு. இன்னொரு பக்கம் எங்கள் பெயரில் ஒரு சாதாரணப் படம்: தாங்கியின் நீள அகலம், தாங்கும் எடை, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பும் வழி. வேறு எதுவும் இல்லை. சம செலவில் எங்கள் படம் 81, கிரியேட்டர் பதிவு 55. மேலே சொன்ன கணக்கில் வரம்பு சுமார் 23, வித்தியாசம் 26. தேறுகிறது. இவர்களுக்குக் கழுத்துவலிக் கதை ஏற்கெனவே தெரியும், பொருளும் பிடித்திருக்கிறது. என் மேசையில் அடங்குமா, அடங்காவிட்டால் பணம் திரும்புமா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. திருப்பி வாங்கிக்கொள்வோம் என்று சொல்ல வேண்டியது விற்கிற எங்கள் வாய்தான், கிரியேட்டர் சொன்னால் அதற்கு எடை இல்லை.

அதேபோல அடிக்கடி மாறும் செய்திக்கும் இந்த முறை ஒத்துவராது. இருப்பு தீர்ந்தது, புதிய நிறம் வந்தது, சலுகை முடிகிறது என்பதையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருடைய பதிவில் நினைத்த நேரத்தில் திருத்த முடியாது. அவற்றை எங்கள் பெயரிலேயே வைத்திருக்கிறோம்.

இன்னொரு கிரியேட்டரையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாமவரைவிடப் பல மடங்கு பின்தொடர்வோர் உள்ளவர், எல்லாவற்றைப் பற்றியும் வீடியோ போடுகிறவர். அவருடைய பெயரோடும் எங்கள் பெயரோடும் ஒரே வீடியோவை ஓட்டியதில் குறிப்பிடும்படி வித்தியாசம் வரவில்லை. கமென்ட்களைப் பார்த்தபோது காரணம் கொஞ்சம் புரிந்தது. எல்லாம் அவரைப் பற்றியே இருந்தன, தாங்கியைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. இப்போது யாரையாவது பேசி முடிப்பதற்கு முன் அவருடைய கடைசி இருபது பதிவுகளின் கமென்ட்களைப் படிக்கிறேன். பொருளைப் பற்றி ஆட்கள் கேட்கிறார்களா, அவர் பதில் சொல்கிறாரா என்று மட்டும் பார்க்கிறேன்.

டிக்டாக்கில் இதே ஏற்பாட்டுக்கு ஸ்பார்க் விளம்பரம் என்று பெயர். அங்கே குறியீட்டுக்கு 7, 30, 60 அல்லது 365 நாள் என்று கெடு உண்டு. நான் 30 நாள் குறியீடு வாங்கி, தேதியைக் குறித்து வைக்க மறந்துவிட்டேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த விளம்பரம் ஒரு காலையில் நின்றுபோயிருந்தது. செலவு பூஜ்யம் என்று தெரிந்த பிறகுதான் கவனித்தேன். கிரியேட்டர் பயணத்தில் இருந்ததால் நீட்டித்துத் தர நான்கு நாள் ஆனது. விளம்பரம் அந்த நான்கு நாளும் நின்றே கிடந்தது.

முதல் கிரியேட்டருடன் உரிமையை இன்னும் இரண்டு மாதத்துக்கு நீட்டித்திருக்கிறோம். இந்த முறை கணக்கு அளவிலான அனுமதி வேண்டாம், பதிவுக் குறியீடு மட்டும் போதும் என்று நானே சொன்னேன். நடுப் பிரிவில் லாபம் நிரூபணமாகாதபோது அந்தப் பெரிய அனுமதியைக் கையில் வைத்திருக்க எனக்குக் காரணம் இல்லை. கமென்ட்டுக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் என்பதும் அதற்கான தொகையும் ஒப்பந்தத்தில் ஏறிவிட்டன. ஆடுமா என்ற கேள்விக்கு அவர் எழுதிய பதிலை, அவருடைய ஒப்புதலோடு எங்கள் தயாரிப்புப் பக்கத்திலும் போட்டிருக்கிறோம். அடுத்த சோதனை அதுதான்: அந்த வரி எங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது அவருடைய பதிவு தரும் 21 எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும்.